குறைந்தபட்சத் தொகை: பில்லில் இருக்கும் சின்ன எண்ணும் அதன் பின்னால் ஓடும் வட்டியும்

கிரெடிட் கார்டு பில்லில் இரண்டு தொகைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று Total Amount Due, அதாவது கட்ட வேண்டிய மொத்தம். இன்னொன்று Minimum Amount Due, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டியது. ஆப்பில் பணம் கட்டப் போனாலும் இந்த இரண்டு பொத்தான்களும் ஒரே அளவில், ஒரே வரிசையில் நிற்கும். பார்த்தால் இரண்டில் எதை அழுத்தினாலும் சரி என்பது போலத்தான் தோன்றும். சின்னதை அழுத்தினால் என்ன நடக்கிறது என்பதை ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொண்டு நாள் கணக்காகப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

விருதுநகர் மாவட்டத்தில் வட்டி என்றால் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 'ஒரு வட்டி', 'ரெண்டு வட்டி', 'மூணு வட்டி' என்று சொன்னாலே நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்று எல்லாருக்கும் தெரியும். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவரிடம் மூணு வட்டிக்குப் பணம் வாங்கச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார். அவரே கார்டு கடனை அந்தக் கணக்கில் பார்ப்பதில்லை. காரணம், கார்டு வட்டியை வங்கி எழுதும் விதம். 'மாதம் 3.5 சதவீதம்' என்று எழுதியிருப்பதைக் கண் ஒரு சில்லறை எண்ணாகக் கடந்துவிடுகிறது. நம் பேச்சில் அது மூன்றரை வட்டி. அதோடு முடியவில்லை. வங்கிக் கடனின் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்ற பொது விதியிலிருந்து கிரெடிட் கார்டு வட்டியை மட்டும் விலக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் வட்டியின் மேல் 18 சதவீதம் வரி ஏறும். மூன்றரையோடு அந்த வரியைச் சேர்த்தால் நூற்றுக்கு 4 ரூபாய் 13 காசு. நான்கு வட்டிக்கும் மேலே.

இத்தனை வட்டி வாங்கச் சட்டம் விடுகிறதா என்ற கேள்வி இயல்பானது. தமிழ்நாட்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றுக்கு எதிராக 2003-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் வங்கிகளின் கார்டு வட்டி ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் வருவது. அதற்கு ஆண்டுக்கு 30 சதவீதம் என்ற எல்லையை தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில் வகுத்தது. அதற்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்றது அந்தத் தீர்ப்பு. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. இப்போது உச்சவரம்பு என்று ஒரு எண் இல்லை. பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5 முதல் 3.75 வரை, ஆண்டுக்கு 42 முதல் 45 சதவீதம் என்று இருப்பதற்கு இந்தப் பின்னணியும் உண்டு.

ஒரு ஆடி மாதத்துக் கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, கணக்கு உண்மை. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு வெளியூர்க் கூட்டம் வரும் என்று அவர் முன்கூட்டியே தயாராகிறார். ஜூலை 1 அன்று ராஜபாளையத்தில் ஒரு கடையில் 40,000 ரூபாய்க்குக் குளிர்பெட்டி வாங்கிக் கார்டைத் தேய்க்கிறார். ஜூலை 10 அன்று அட்டைப் பெட்டிகளுக்கு 8,000 ரூபாய். அவருடைய பில் ஒவ்வொரு மாதமும் 18-ஆம் தேதி போடப்படுகிறது. கட்டுவதற்குக் கெடு அடுத்த மாதம் 7-ஆம் தேதி. வட்டி மாதம் 3.5 சதவீதம்.

ஜூலை 18 பில்லில் மொத்தம் 48,000. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 2,400. திருவிழாச் செலவில் கை கடிக்கிறது. ஆகஸ்ட் 7 அன்று 2,400 மட்டும் கட்டுகிறார். இதற்கிடையில் ஆகஸ்ட் 2 அன்று சர்க்கரை வாங்க இன்னொரு 6,000 ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்திருக்கிறார்.

ஆகஸ்ட் 18-ல் அடுத்த பில் வருகிறது. வட்டி என்று ஒரு வரி: 2,707 ரூபாய் 78 காசு. வரி என்று இன்னொரு வரி: 487 ரூபாய் 40 காசு. இரண்டும் சேர்ந்து 3,195 ரூபாய். கட்டியதைவிடப் போட்டது அதிகம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் மச்சினனுக்கு உடனே போன் போகிறது.

"மாப்ள, சொன்ன தேதிக்கு மினிமம் கட்டிட்டேன்ல. அப்புறம் எதுக்கு மூவாயிரம் போட்ருக்கான்?"

"அத்தான், மினிமம் கட்டுனா ஃபைன் வராது. வட்டி வராதுன்னு யாரு சொன்னா?"

இந்த இரண்டு வரிக்குள்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. இனி அந்த 2,707 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்ப்போம்.

கார்டில் வட்டி ஒவ்வொரு வாங்கலுக்கும் தனித்தனியாக, நாள் கணக்கில் போடப்படும். சூத்திரம் இதுதான்: தொகையை மாத வட்டியாலும் 12-ஆலும் பெருக்கி ஆண்டு வட்டியாக்க வேண்டும். அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி. அதை நாட்களால் பெருக்க வேண்டும். நாட்களை எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கெடு தேதியிலிருந்து இல்லை. பில் தேதியிலிருந்தும் இல்லை. பொருள் வாங்கிய தேதியிலிருந்து.

குளிர்பெட்டியின் 40,000 ரூபாய்க்கு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 6 வரை 37 நாள். வட்டி 1,703 ரூபாய். அட்டைப் பெட்டிகளின் 8,000 ரூபாய்க்கு ஜூலை 10 முதல் 28 நாள். வட்டி 258 ரூபாய். ஆகஸ்ட் 7 அன்று 2,400 கட்டியதும் நிலுவை 45,600 ஆகிறது. அதற்குப் பில் தேதி வரை 12 நாள். வட்டி 630 ரூபாய். கடைசியாகச் சர்க்கரை. கெடு தேதிக்கு ஐந்து நாள் முன்னால் வாங்கிய அந்த 6,000-க்கும் ஆகஸ்ட் 2 முதல் 17 நாள் வட்டி ஓடியிருக்கிறது. 117 ரூபாய்.

சர்க்கரைக்கு ஏன் வட்டி? அதன் கெடுவே இன்னும் வரவில்லையே? 'ஐம்பது நாள் வரை வட்டியில்லை' என்று கார்டு விற்றவர் சொன்னது பொய்யில்லை. அந்தச் சலுகை முந்தைய பில்லை முழுதாகக் கட்டியவருக்கு மட்டும். ஒரு ரூபாய் நிலுவை இருந்தாலும் சலுகை போய்விடும், புதிதாக வாங்குவது எல்லாவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே மீட்டர் ஓடத் தொடங்கும். இதை வாடிக்கையாளருக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கட்டளையிட்டிருக்கிறது. சொல்லத்தான் செய்கிறார்கள், கார்டோடு வரும் 'மிக முக்கியமான விதிமுறைகள்' என்ற தாளில், பொடி எழுத்தில்.

ஆயிரம் ரூபாய் குறைந்தால்

அதே கடைக்காரர் வேறு மாதிரி நடந்துகொண்டார் என்று வைப்போம். சர்க்கரை வாங்கவில்லை. ஆகஸ்ட் 7 அன்று எப்படியோ புரட்டி 47,000 ரூபாய் கட்டிவிடுகிறார். 48,000-ல் ஆயிரம்தான் பாக்கி. அந்த ஆயிரத்துக்கு எவ்வளவு வட்டி வரும்? மூன்றரை வட்டிக் கணக்கில் 35 ரூபாய் என்பார் யாரும்.

வருவது 1,975 ரூபாய். வரியோடு 2,330.

பாக்கி வைத்த ஆயிரத்துக்கு 12 நாள் வட்டி வெறும் 14 ரூபாய்தான். மீதி 1,961 ரூபாயும் ஏற்கெனவே கட்டி முடித்த பணத்துக்கான வட்டி. 40,000-க்கு ஜூலை 1 முதலும், 8,000-க்கு ஜூலை 10 முதலும், கட்டிய நாள் வரை ஓடியது. முழுதாகக் கட்டியிருந்தால் அந்த வட்டியை வங்கி கேட்டிருக்காது. ஆயிரம் குறைந்ததால் சலுகை முழுவதும் ரத்தாகி, பின்னோக்கிப் போய் வட்டி போடப்பட்டது. பல வங்கிகள் தங்கள் விதிமுறைத் தாளில் தரும் மாதிரிக் கணக்கு இந்த முறையில்தான் இருக்கிறது. உங்கள் வங்கி எப்படிப் போடுகிறது என்பதை அந்தத் தாளின் மாதிரிக் கணக்கில் தேதிகளை எண்ணிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதிலிருந்து நடைமுறையில் ஒன்று தேறுகிறது. முழுத்தொகைக்கு ஆயிரம், இரண்டாயிரம் குறைகிற நிலையில் இருப்பவர் அந்தக் குறையை வீட்டில், கடையில், சொந்தக்காரரிடம் கைமாற்றாக வாங்கியாவது கெடு தேதிக்குள் போட்டுவிட வேண்டும். அந்தக் கடைசி ஆயிரத்துக்குத்தான் கார்டில் ஊரிலேயே மிக உயர்ந்த வட்டி. மாறாக, 48,000-ல் 20,000-தான் புரளும் என்றால் கதை வேறு. சலுகை எப்படியும் போய்விட்டது. அப்போது அந்த 20,000-ஐக் கெடு தேதி வரை கையில் வைத்திருப்பதில் பயனில்லை. ஜூலை 25-ல் பணம் வந்தால் ஜூலை 25-லேயே கட்டிவிட வேண்டும். 13 நாள் முந்தியதில் வட்டியும் வரியுமாக ஏறத்தாழ 353 ரூபாய் மிச்சம். கெடு தேதி என்பது முழுதாகக் கட்டுகிறவருக்குத்தான் பொருள் உள்ளது. பகுதி கட்டுகிறவருக்கு ஒவ்வொரு நாளும் கெடுதான்.

குறைந்தபட்சம் எப்படிக் கணக்கிடப்படுகிறது

மறுபடி நம் கடைக்காரரின் ஆகஸ்ட் பில்லுக்கு வருவோம். 45,600 பழைய நிலுவை, 6,000 சர்க்கரை, 3,195 வட்டியும் வரியும். மொத்தம் 54,795 ரூபாய். இதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு என்று பார்த்தால் 5,775 என்று இருக்கிறது. போன மாதம் 2,400. கடன் கொஞ்சம்தான் கூடியது, குறைந்தபட்சம் இரண்டு மடங்குக்கு மேல் எகிறிவிட்டது. தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்று தோன்றும். தப்பில்லை.

மொத்தத்தில் 5 சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் 2,740 வந்திருக்கும். ஆனால் வட்டியும் வரியும் மட்டுமே 3,195. 2,740 கட்டினால் வட்டியே முழுதாக அடையாது. மீந்த வட்டி கடனோடு சேரும். மாதாமாதம் தவறாமல் கட்டிக்கொண்டே இருப்பார், கடனும் மாதாமாதம் வளர்ந்துகொண்டே இருக்கும். இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21-ல் வெளியிட்ட கார்டு நெறிமுறைகளில் ஒரு விதி வைத்தது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டிய பிறகு கடன் ஏறுமுகமாக இருக்கக் கூடாது, அந்த அளவுக்கு அந்தத் தொகை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கட்டாமல் விட்ட கட்டணம், வரி ஆகியவற்றை அசலோடு சேர்த்து அவற்றின் மேல் வட்டி போடக் கூடாது என்ற விதியும் அதிலேயே உண்டு. அது 2022 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

அதன் பிறகு பல வங்கிகள் கணக்கை மாற்றின. வட்டி, வரி, கட்டணங்கள், தவணை ஏதும் இருந்தால் அது என்று இவை முழுவதையும் முதலில் வைத்து, மீதி நிலுவையில் ஒரு சிறு பங்கைச் சேர்ப்பது இப்போதைய வழக்கம். அந்தப் பங்கு சில வங்கிகளில் 5 சதவீதம், சிலவற்றில் 2 சதவீதம். நம் கடைக்காரரின் வங்கி 5 சதவீத வங்கி. 3,195 முழுதும், 51,600-ல் 5 சதவீதமான 2,580-ம் சேர்ந்து 5,775.

இந்த 2-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் குறைந்தபட்சம் குறைவாக இருக்கும் கார்டு நல்ல கார்டு என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. 48,000 ரூபாய் கடன், இனிமேல் கார்டைத் தேய்ப்பதே இல்லை, மாதாமாதம் குறைந்தபட்சம் மட்டும் கட்டுவது என்று வைத்துக்கொள்வோம். அசலில் 5 சதவீதம் கழியும் கார்டில் கடன் பாதியாக 14 மாதம் பிடிக்கும். அதற்குள் வட்டியும் வரியுமாகச் சுமார் 19,000 ரூபாய் போயிருக்கும். அசலில் 2 சதவீதம் மட்டும் கழியும் கார்டில் அதே கடன் பாதியாக 35 மாதம். வட்டியும் வரியும் சுமார் 49,000 ரூபாய். வாங்கிய குளிர்பெட்டி, அட்டைப் பெட்டி எல்லாவற்றின் விலையையும் வட்டியாகவே கட்டிவிட்டு, அப்புறமும் 24,000 பாக்கி நிற்கும். மூன்று வருடத்தில் அந்தக் குளிர்பெட்டியின் வாரண்டியே முடிந்திருக்கும். ரிசர்வ் வங்கியின் விதி கடன் ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. அது சீக்கிரம் இறங்க வேண்டும் என்று அந்த விதி எங்கும் சொல்லவில்லை. குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. உங்கள் பில்லிலும் அந்த வரி இருக்கும், பாருங்கள்.

அப்படியானால் அது எதற்கு?

குறைந்தபட்சத் தொகைக்கு ஒரு வேலை உண்டு, அதை மறுக்க முடியாது. அதைக் கெடுவுக்குள் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் வராது. 'கட்டத் தவறியவர்' என்று சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தகவல் போகாது. நாளைக்கு வீட்டுக்கடனுக்கோ கடைக்கான கடனுக்கோ வங்கிக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆஸ்பத்திரிச் செலவு, வராத பாக்கி என்று ஒரு மாதம் திணறும்போது குறைந்தபட்சத்தையாவது கட்டுவதுதான் சரி. அதைக்கூடக் கட்டாமல் விட்டால் வட்டியும் ஓடும், தாமதக் கட்டணமும் சேரும், பேரும் கெடும்.

கெடு தேதி தவறிவிட்டது என்று தெரிந்ததும் கைவிட்டுவிட வேண்டாம். கெடு கடந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், தாமதம் என்று தகவல் அனுப்பலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகஸ்ட் 7 தவறினால் 10-ஆம் தேதிக்குள் பணம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மூன்று நாள் தாண்டிவிட்டால் தாமத நாட்களைக் கெடு தேதியிலிருந்தே எண்ணுவார்கள். இந்தச் சலுகை கட்டணத்துக்கும் சிபில் தகவலுக்கும் மட்டும். வட்டியைப் பற்றி அந்த விதி ஒன்றும் பேசவில்லை.

இங்கே ஒரு இடத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்வேன். சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும்படி கார்டுக்கு ஏற்பாடு செய்திருந்தால், எந்தத் தொகையைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறது என்று ஆப்பில் திறந்து பாருங்கள். மொத்தம், குறைந்தபட்சம் என்று இரண்டு தேர்வு இருக்கும். விண்ணப்பம் நிரப்பிய அன்று யாரோ குறைந்தபட்சத்தில் டிக் அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். மாதாமாதம் பணம் பிடிக்கிறது, பில் சரியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவரின் கார்டில் நான்கு வட்டிக் கடன் ஓடிக்கொண்டிருக்கும். பில்லில் Finance Charges என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். முழுதாகக் கட்டுகிறவர் பில்லில் அந்த வரிக்கு நேரே எதுவும் இருக்காது.

முழுதும் கட்டிய பிறகும் வரும் வட்டி

கடைக்காரர் செப்டம்பரில் ஒரு நகையை வைத்துப் பணம் புரட்டி, 7-ஆம் தேதி 54,795 ரூபாயையும் முழுதாகக் கட்டிவிடுகிறார். புதிதாக எதுவும் வாங்கவில்லை. கார்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டியும் விட்டார். செப்டம்பர் 18 அன்று 1,331 ரூபாய்க்கு ஒரு பில் வருகிறது.

இது கொள்ளை என்று கோபப்படுவதற்கு முன் தேதிகளைப் பாருங்கள். ஆகஸ்ட் 18 பில்லில் இருந்த வட்டி அன்றைய தேதி வரைக்கும்தான். அவர் பணம் கட்டியது செப்டம்பர் 7. நடுவில் ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 6 வரை 19 நாள் 51,600 ரூபாய் கடன் நின்றிருக்கிறது. அதற்கு வட்டி 1,128 ரூபாய், வரி 203 ரூபாய். போன பில்லில் வர முடியாத அந்த வட்டி இந்தப் பில்லில் வந்திருக்கிறது. இதையும் அடுத்த கெடுவுக்குள் முழுதாகக் கட்டிவிட்டால் கணக்கு தீர்ந்துவிடும்.

ஆபத்து கட்டாமல் விடுவதில். 'நான்தான் எல்லாம் கட்டிட்டேனே' என்று அந்தப் பில்லைத் திறக்காமலே விட்டவர்கள் உண்டு. அந்த 1,331-க்கும் குறைந்தபட்சம் உண்டு, கெடு உண்டு. தவறினால் தாமதக் கட்டணம், அதற்கு வரி, அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். கடைசியில் வசூல்காரர் போன் செய்யும்போதுதான் தெரியவரும். ஒருமுறை நிலுவை வைத்த கார்டை முழுதாக அடைத்த பிறகு, பூஜ்யம் என்று பில் வரும் வரை அடுத்து வரும் ஒவ்வொரு பில்லையும் திறந்து பார்க்க வேண்டும். அதுவரை அந்தக் கார்டைத் தேய்க்காமல் இருப்பது கணக்கைத் தெளிவாக வைக்கும்.

அடைக்க வழி

நகையை வைத்தார் என்று எழுதினேன். பல வீடுகளில் நகையை வைப்பது கடைசி வழி என்ற எண்ணம் உண்டு. கார்டை ஓட விட்டுவிட்டு நகையை பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார்கள். கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது. 45,600 ரூபாய் கார்டில் ஒரு மாதம் நின்றால் வட்டியும் வரியும் 1,883 ரூபாய். அதே தொகையை வங்கியில் நகைக்கடனாக, ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மாத வட்டி 380 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு. வங்கி நகைக்கடன் ஒரு வட்டிக்கும் குறைவு. தனியார் அடகுக் கடையில் இந்தக் கணக்கு வராது, அங்கே வட்டியைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வைக்க வேண்டும்.

நகை இல்லாதவருக்கு அடுத்த வழி, கார்டு வங்கியிடமே பில்லைத் தவணையாக மாற்றக் கேட்பது. வட்டி கார்டு வட்டியைவிட வழக்கமாக வெகு குறைவாக இருக்கும், அசல் ஒவ்வொரு மாதமும் கணிசமாகக் கழியும், முடியும் தேதியும் தெரியும். ஆனால் மாற்றுவதற்கு ஒரு கட்டணம் உண்டு, தவணை வட்டிக்கும் 18 சதவீத வரி உண்டு. கெடு தேதிக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. அந்த மாதத் தவணை முழுவதும் குறைந்தபட்சத் தொகையில் சேர்ந்து வரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று. கார்டு பில் கட்ட இன்னொரு கார்டை ஏடிஎம்மில் போட்டுப் பணம் எடுப்பது. கார்டில் எடுக்கும் ரொக்கத்துக்குச் சலுகை நாள் என்பதே கிடையாது. எடுத்த நாளிலிருந்து வட்டி, அதோடு எடுத்ததற்குத் தனிக் கட்டணம். பழைய பில்லை முழுதாகக் கட்டியவருக்கும் இதுதான் நிலை.

பில்லில் வட்டி தவறாக இருக்கிறது என்று தோன்றினால், அந்த மாதத்துப் பில், முந்தைய மாதத்துப் பில் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாங்கலின் தேதி, தொகை, கட்டிய தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். சில ரூபாய் வித்தியாசம் நாளை எண்ணும் முறையில் வரும், அதை விட்டுவிடலாம். முழுதாகக் கட்டிய மாதத்துக்கு வட்டி, திருப்பிக் கொடுத்த பொருளின் தொகைக்கும் வட்டி, பழைய வரியின் மேல் வட்டி, கெடு தேதிக்குப் பின் மீந்த தொகையைப் பார்க்காமல் பில்லின் மொத்தத்தை வைத்துப் போட்ட தாமதக் கட்டணம் ஆகியவற்றைக் கண்டால் அந்தத் தாளோடு வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள், புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். அங்கேயும் முதலில் கேட்கப்படுவது வங்கிக்குக் கொடுத்த புகாரின் விவரம்தான்.